வண்ணமும் பெயரும் பொய்யாக ஒட்டப்பட்ட கேபிள்கள் குறித்த புகார்

அனுப்புநர்
செயலாளர், கோவில் சபை அலுவலகம், சாட்ஸ்வொர்த், டர்பன்

பெறுநர்
உரிமையாளர், நெட்வொர்க் பொருத்தும் பிரிவு

பொருள்: அலுவலக ரேக்கில் கேபிள் அடையாளம் ஒப்பந்தப்படி செய்யப்படாதது

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் உதவி மையத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, "சுவிட்ச் பழுது, புதியது வாங்குங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நீங்கள் தமிழ் நன்றாகப் படிப்பவர் என்று சபையில் சொன்னார்கள். அதனால் இந்த முறை நடந்ததை விவரமாக உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலக மூலையில் நீங்கள் மாட்டிய சுவர் ரேக்கில் சுவர்க் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனல் ஒன்றும், கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் மின்சாரமும் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றும், யுபிஎஸ்ஸும் இருக்கின்றன. உங்கள் விலைப்பட்டியலில் உள்ளபடி கணினிக்கும் வைஃபைக்கும் நீலம், கேமராவுக்கு மஞ்சள், தொலைபேசிக்கு வெள்ளை, இணையம் உள்ளே வரும் இணைப்புக்கு மட்டும் சிவப்பு. ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் எண், ரேக் கதவின் உட்புறம் ஒரு பதிவுத் தாள். இதை நம்பித்தான் கையெழுத்திட்டோம்.

தைப்பூசத்தன்று மாலை, காவடிக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், அர்ச்சனைச் சீட்டு கவுண்டரில் கார்டு மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டன. அவை மண்டபக் கூரையில் உள்ள வைஃபை பெட்டி வழியாக ஓடுபவை. எங்கள் தொண்டர் ஒருவர் உங்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டார். "சிவப்புக் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள், அதுதான் இணையம்" என்று சொல்லியிருக்கிறார்கள். ரேக்கில் சிவப்புக் கேபிள் மூன்று இருந்தது. முதலாவதைப் பிடுங்கியதும் கணக்குக் கணினியில் பதிவு நடுவில் அறுந்தது. இரண்டாவது வரவேற்பு மேசையின் கணினி. மூன்றாவதுதான் இணையம். அதைப் பிடுங்கியதும் அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றதும் சேர்ந்து நின்றது. உங்கள் ஆள் பொருத்தும்போது நீலக் கேபிள் தீர்ந்துபோய், கையில் இருந்த சிவப்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ரேக்குக்குள் செருகும் சிறு பேட்ச் கேபிளுக்கு இன்ன வேலைக்கு இன்ன நிறம் என்று கட்டாயப்படுத்தும் தரநிலை எதுவும் கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். அப்படியானால் நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியல்தான் இந்த ரேக்குக்குச் சட்டம். ஒரே ஒரு சிவப்பு தவறான இடத்தில் இருந்தால்கூட மற்ற சிவப்புகளையும் நம்ப முடியாது.

மறுவாரம் வந்த உங்கள் ஆள் விளக்குகளைப் பார்த்துவிட்டு சுவிட்ச் போய்விட்டது என்று சொல்லி, வந்துபோன கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு என் தங்கை மகன் உட்கார்ந்து தேடினான். கூரையில் வைஃபை பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகினான். சுவிட்ச்சில் புதிதாக எந்த விளக்கும் எரியவில்லை. அப்படியென்றால் கோளாறு கூரைக்கும் சுவிட்ச்சுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. கேபிளில் ஒலி சமிக்ஞை அனுப்பும் டோனர் கருவியைக் கூரை முனையில் மாட்டிவிட்டு, ரேக்கில் வந்து ஒவ்வொரு துளையாக முனைக்கோலை வைத்துப் பார்த்தான். பேனலின் 11ஆம் துளையில் சத்தம் உரக்கக் கேட்டது. அந்தத் துளைக்கு மேலே உங்கள் ஆள் ஒட்டியிருந்த பெயர் "ஃபேக்ஸ்". எங்களிடம் ஃபேக்ஸ் இல்லாமல் போய் எத்தனையோ காலமாகிறது! பழைய ஃபேக்ஸ் கேபிளைக் கூரைக்குத் திருப்பிவிட்டவர் உங்கள் ஆள்தான். பெயரை மட்டும் மாற்றவில்லை. அங்கிருந்து கட்டுக்குள் புகுந்து சுவிட்ச்சின் 14ஆம் துளைக்குப் போகும் சிறு கேபிளில் கொக்கி உடைந்து, முனை பாதி வெளியே வந்திருந்தது. விரலால் அழுத்தியதும் விளக்கு எரிந்தது. சுவிட்ச்சில் ஒரு குறையும் இல்லை. வேறு கேபிள் போட்டோம், வேலை முடிந்தது. இரண்டு முனையிலும் எண் இருந்திருந்தால் தைப்பூச மாலையே அந்தத் தொண்டர் கண்டுபிடித்திருப்பார்.

இதிலிருந்து இரண்டு குறைகளை உங்கள் ஆட்கள் புரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, சுவருக்குள் நிலையாக ஓடும் கேபிளுக்கு "பிரிண்டர்", "ஃபேக்ஸ்" என்று வேலையின் பெயரை ஒட்டக் கூடாது. வேலை மாறும், மேசை நகரும், கேபிள் அதே இடத்தில் கிடக்கும். பேனல் துளைக்கு ஏ-11 என்றால் மறுமுனைச் சாக்கெட்டிலும் ஏ-11 என்றே இருக்க வேண்டும். இன்றைக்கு அது எதற்குப் பயன்படுகிறது என்பது தாளில் போக வேண்டிய விஷயம். ரேக்குக்குள் மாற்றி மாற்றிச் செருகும் சிறு கேபிள்களுக்குத் தனி வரிசை எண், அதுவும் இரண்டு முனையிலும். கேபிள் அடையாளத்துக்கான டிஐஏ-606 தரநிலையும் இரு முனையிலும் தனித்த அடையாளம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. நிறம் மட்டும் போதாது. எங்கள் தொண்டர்களில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது.

இரண்டாவது, லேபிள் ஒட்டிய விதம். இன்சுலேஷன் டேப்பில் மார்க்கரால் எழுதியிருக்கிறீர்கள். டர்பன் புழுக்கத்தில் பசை இளகி டேப் நழுவிவிட்டது, எழுத்து கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. சில இடங்களில் அச்சிட்ட சாதாரண டேப்பைச் சுற்றியிருக்கிறீர்கள். அது விறைப்பானது, வளைவில் நிற்காமல் ஓரம் கிளம்பிவிட்டது. கேட்-6 கேபிளின் தடிமன் சுமார் 6 மில்லிமீட்டர், சுற்றளவு 19 மில்லிமீட்டர் வரும். எழுத்துள்ள வெள்ளைப் பகுதி ஒரு சுற்று வந்து, அதன் மேல் ஒளி ஊடுருவும் வால்பகுதி இன்னொரு சுற்று மூடிக்கொள்ளும் லேபிள் கேட்கிறேன். எண்ணை முனைக்கு மிக நெருக்கமாக ஒட்டினால் கொத்தாக இருக்கும் இடத்தில் படிக்க முடியாது. விரல் நுழையும் தூரம் தள்ளி ஒட்டுங்கள்.

இன்னொன்று: யுபிஎஸ் மின்கம்பியில் அடையாளத்துக்காக பச்சை-மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறார் உங்கள் ஆள். இந்த நாட்டு மின்விதிகளில் அந்த நிறச் சேர்க்கை நில இணைப்புக்கே உரியது. 230 வோல்ட் ஓடும் கம்பியில் அதைப் பார்த்து ஒருவர் தவறாக நினைத்தால் விளைவு கேமரா நிற்பதோடு போகாது. அதை உடனே எடுக்க வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். சிவப்பாக உள்ள இரண்டு கணினிக் கேபிள்களை நீலத்துக்கு மாற்றுங்கள். எல்லாக் கேபிள்களுக்கும் இரு முனையிலும் எண் ஒட்டி, பேனல் துளை, சுவர்ச் சாக்கெட், சுவிட்ச் துளை, சிறு கேபிள் எண், இப்போதைய பயன், மாற்றிய தேதி ஆகியவற்றோடு தாள் தாருங்கள். அதன் நகல் மின்னஞ்சலிலும் வேண்டும். சுவிட்ச் பழுது என்று சொல்லி வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். புதிய சுவிட்ச்சுக்கான விலைப்பட்டியலை ரத்து செய்யுங்கள்.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54ஆம் பிரிவு, செய்த வேலையில் குறை இருந்தால் அதைச் சரிசெய்யவோ பணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பவோ கேட்கும் உரிமையைத் தருகிறது. இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் வேலை நாள் எது என்று எழுதித் தெரிவியுங்கள். வருபவர் வெள்ளிக்கிழமை வர வேண்டாம், அன்று மண்டபத்தில் பூஜை உண்டு. அவர் வேலை செய்யும்போது என் தங்கை மகன் கூட இருந்து ஒவ்வொரு எண்ணையும் மறுமுனையில் சரிபார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்திடுவோம்.

இப்படிக்கு,
செயலாளர்