எடிட் செய்தாலும் பழைய எண் போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சமூக ஊடகப் பதிவுகள் பற்றி வந்த கட்டுரையில், "தவறு தெரிந்தால் உடனே எடிட் செய்துவிடுங்கள், அத்தோடு முடிந்தது" என்று ஒரு வரி இருந்தது. எழுத்துப்பிழைக்கு அது சரி. ஆனால் எனக்கு நேர்ந்தது வேறு.

ரத்த தான முகாம் ஒன்றுக்கு நான்தான் அறிவிப்பு எழுதினேன். தொடர்பு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டேன். காலை 9 மணிக்கு அதை ஃபேஸ்புக்கிலும் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன். 9:40க்கு ஒரு நண்பர் கூப்பிட்டு, "யாரோ ஒரு பெரியவர் எடுத்துத் திட்டுகிறார், எண்ணைப் பாருங்கள்" என்றார்.

ஃபேஸ்புக்கில் சிரமம் இருக்காது என்று நினைத்தேன். அங்கே எழுதியதைத் திருத்த நேர வரம்பு இல்லை. பதிவைப் பகிர்ந்தவர்களின் பக்கத்தில் தெரிவதும் மூலப் பதிவுதான் என்பதால், நான் ஓரிடத்தில் மாற்றினால் அவர்களிடமும் மாறிவிடும். மாற்றினேன், நிம்மதியாக இருந்தேன். மாலையில் பெரியவருக்கு மறுபடியும் ஓர் அழைப்பு போயிருக்கிறது. விசாரித்தால், பதிவின் மெனுவில் உள்ள எடிட் வரலாற்றைத் திறந்து ஒருவர் பழைய எண்ணை எடுத்திருக்கிறார். இரண்டு எண் இருக்கிறதே, ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதை முயலலாம் என்று எண்ணினாராம்! அந்த வரலாறு எழுதியவருக்கு மட்டும் தெரிவதல்ல. பதிவைப் பார்க்கக்கூடிய எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து ஒரு வடிவத்தை மட்டும் நீக்கவும் வழியில்லை. முழுப் பதிவையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். லைக், கருத்துகள் எல்லாம் போயின, போகட்டும். அடுத்தவருடைய தொலைபேசி எண், முகவரி போன்றவை தவறி வந்துவிட்டால் எடிட்டைத் தொடாமல் நேராக அழித்துவிடுவதே சரி என்று அன்று புரிந்தது.

வாட்ஸ்அப் கதை இதற்கு நேர்மாறு. அங்கே அனுப்பி 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். எனக்கு 40 நிமிடம் ஆகிவிட்டது. திருத்தியிருந்தால் செய்தியின் ஓரத்தில் 'திருத்தப்பட்டது' என்ற குறிப்பு மட்டும் வரும், பழைய வாசகம் வாசகர் கண்ணில் படாது. பெரியவருக்கு அது பாதுகாப்பாக இருந்திருக்கும். ஆனால் திருத்தத்துக்குத் தனியாக அறிவிப்பு ஒலி போகாது. முதலில் படித்து எண்ணைக் குறித்துக்கொண்டவர் மீண்டும் அந்தப் பக்கம் வரப்போவதில்லை. மாறியது காற்புள்ளியா கைபேசி எண்ணா என்பதும் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தெரியாது. ஆகவே 15 நிமிடத்துக்குள் திருத்தினாலும், "எண் மாறியிருக்கிறது" என்று கீழே தனிச் செய்தி ஒன்று போடுவதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

நேரம் கடந்ததால் 'எல்லோருக்கும் அழி' என்பதைப் பயன்படுத்தினேன். அதற்கு இரண்டு நாளுக்கும் சற்று அதிகமாக அவகாசம் உண்டு. குழுக்களில் செய்தி போய்விட்டது. ஆனால் அதற்குள் சிலர் ஃபார்வர்ட் செய்திருந்தார்கள். ஃபார்வர்ட் என்பது நகல், அதற்கும் என் செய்திக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. நான் அழித்தாலும் திருத்தினாலும் அது அப்படியே ஊர் சுற்றும்.

எல்லாச் செயலிகளுக்கும் ஒரே விதி என்று கட்டுரையாளர் எண்ணிவிட்டார் போலும். சிக்னலில் 24 மணி நேரம் வரை திருத்தலாம், ஆனால் பெற்றவர் பழைய வடிவங்களைத் திறந்து பார்க்க முடியும். எக்ஸ் தளத்தில் கட்டணச் சந்தாதாரர்களுக்கே எடிட் வசதி, அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான். பழைய வடிவங்களை யாரும் பார்க்கலாம். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. "நாளை கூட்டத்துக்கு வருகிறேன்" என்று நூறு பேரிடம் விருப்பக்குறி வாங்கிவிட்டு, மறுவாரம் அதே பதிவில் வசைபாடி எழுதினால், அந்த நூறு பேரும் அதற்கு ஆமோதித்ததாகத் தோன்றும். நேர வரம்பு அந்த வேலையைக் கடினமாக்குகிறது, வரலாறு அதைக் காட்டிக்கொடுக்கிறது. அப்புறம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தவரிடம் இவை எதுவும் செல்லாது, அது தனிக்கதை.

பெரியவரிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்டேன். ஃபார்வர்ட் ஆன நகல்களைப் பார்த்து இன்னும் ஓரிருவர் அழைக்கிறார்களாம். இப்போதெல்லாம் அவர் திட்டுவதில்லை. சரியான எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்