இந்த வருஷக் காலண்டருக்கு மூன்று கோபுரம் வேண்டாம்: கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், மற்றும் சங்கத்து அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். ஆடிப்பெருக்குக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அன்றைக்குச் சிவகாசியில் பூஜை போட்டு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். இரண்டொரு நாளில் அது என் மேஜைக்கும் வந்துவிடும். போன வாரம் பொருளாளர் போன் செய்து, "ஆல்பமெல்லாம் எதுக்குப்பா, போன வருஷம் போட்ட மூணு கோபுரத்தையே போட்டுடு, அதுதான் எல்லாருக்கும் பொது" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு மனசு ஒப்பவில்லை. உறுப்பினர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்த மூன்று கோபுரப் படத்தைச் சேர்த்தது நான்தான். அதனால் குறையிலும் என் பங்கு உண்டு. நடுவில் கோயில் ராஜகோபுரம், இடப்பக்கம் ஒரு மினாரா, வலப்பக்கம் ஒரு சர்ச், பின்னால் உதிக்கும் சூரியன். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவில் கடை வைத்திருக்கிறோம், நமக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்குமா என்று அன்றைக்கு எல்லாரும் தலையாட்டினோம். பிப்ரவரி மாதம் பில் வசூலுக்குப் போனபோதுதான் அந்தக் காலண்டர் எங்கெங்கே தொங்குகிறது என்று கவனித்தேன். ஒரு வீட்டில் தேதிக் கட்டை மட்டும் பின்னோடு பெயர்த்தெடுத்து வேறொரு கடையின் அட்டையில் அடித்து மாட்டியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் படத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை, புகார் சொல்லவில்லை. காலண்டரில் தப்பு நடந்தால் இப்படித்தான் தெரியும். சங்கத்தின் பேர் அச்சடித்த அட்டை குப்பைக்குப் போய்விடும், தேதி மட்டும் சுவரில் இருக்கும்.

வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ராஜகோபுரம் அட்டையின் பாதி உயரம். மற்ற இரண்டும் அதன் இடுப்பளவுக்குக்கூட இல்லை. நாங்கள் சமமாக நினைத்துத்தான் போட்டோம். ஆனால் சின்னதாக நிற்கிறவர்கள் கண்ணுக்கு அந்த அளவுதானே முதலில் படும்? அப்புறம் அந்த மினாரா. நாகூரின் பெரிய மினாரா தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது, 131 அடி உயரம், சதுரமாக அடுக்கடுக்காக மேலே போகும். நான் இணையத்தில் எடுத்துப் போட்டது பென்சில் மாதிரி உருண்டையாக, கூர் முனையோடு இருந்தது. துருக்கி நாட்டுப் பள்ளிவாசலாம், பிறகுதான் தெரிந்தது. சர்ச் படம் இன்னும் மோசம். பழுப்புக் கல்லில் கட்டிய ஐரோப்பிய சர்ச். அடியில் கொஞ்சம் பனிகூடக் கிடந்தது. வெள்ளைச் சுவர் பேராலயத்தைப் பக்கத்து ஊரில் வைத்துக்கொண்டு, பனி விழுந்த சர்ச்சை அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம்.

சரி, அளவைச் சமமாக்கி, அசல் நாகூர் மினாராவையும் அசல் வேளாங்கண்ணியையும் போட்டால் தீர்ந்ததா? தீராது. முஸ்லிம் என்றால் எல்லாரும் தர்காவுக்குப் போகிறவர்கள் இல்லை. தர்கா வழிபாட்டை ஏற்காத குடும்பங்கள் நம் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவருக்கு நாகூர் படம் ஏறாது. கிறிஸ்தவர் என்றால் எல்லாரும் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் இல்லை. தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்க் வந்து இறங்கியதிலிருந்து இந்தக் கரையோரம் லுத்தரன் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் மாட்டுவது வசனக் காலண்டர்தான், மாதா படம் இல்லை. மறுபக்கம், நாகூருக்குப் போய் வேண்டிக்கொள்ளும் இந்துக்களும், காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடக்கும் இந்துக்களும் ஏராளம். ஆக, மூன்று கோபுரத்தை ஒன்றாக வைத்ததும் மூன்று கூட்டமும் வந்துவிட்டது என்ற நம் கணக்கே பிசகு.

"அப்படியானால் தனித்தனியா போட்டுடலாமே" என்று செயலாளர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே தேதிக் கட்டு, ஒரே கடைப்பேர், அட்டைப் படம் மட்டும் நாலைந்து வகை என்று கலந்து வாங்குவது நம் தொழிலில் பழைய வழக்கம். முருகன் இத்தனை, பெருமாள் இத்தனை, மெக்கா இத்தனை, மாதா இத்தனை என்று எண்ணிக் கட்டி அனுப்பிவிடுவார்கள். அச்சில் சிக்கல் இல்லை, கொடுக்கும்போதுதான் சிக்கல். ஒரு ஜவுளிக் கடையில் என் கண் முன்னால் நடந்தது இது. கல்லாவில் நின்ற தம்பி, பில் போட்ட அம்மாவின் நெற்றியைப் பார்த்தான். பொட்டு இல்லை. நல்ல மனசோடு தேடி எடுத்து மாதா காலண்டரைச் சுருட்டிக் கொடுத்தான். அந்த அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு முருகன் இருந்தா குடு தம்பி. அவர் போனதிலேருந்து பொட்டு வைக்கிறதில்ல" என்றார். அந்தத் தம்பிக்கு அப்புறம் பேச்சே வரவில்லை. ஆளைப் பார்த்து மதத்தை ஊகிக்கிற வேலையை இருபது வயசுப் பையன் தலையில் நாம்தான் கட்டுகிறோம். கலந்துதான் வாங்க வேண்டும் என்றால், எல்லா வகையையும் மேஜை மேல் விரித்து வையுங்கள், வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். கடைக்காரர் கை அதில் படவே வேண்டாம்.

சாமி படம் போடும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. இடம் போதவில்லை என்று படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவது எங்களை மாதிரி டிசைன் செய்கிறவர்களின் கெட்ட பழக்கம். அப்படித் திருப்பினால் இடம்புரிப் பிள்ளையார் வலம்புரி ஆகிவிடுவார். வலம்புரியை வீட்டில் வைத்தால் பூஜை ஆசாரம் பிசகக் கூடாது என்று பயப்படுகிறவர்கள் அதை வாங்கவே மாட்டார்கள். சிதம்பரம் நடராஜர் தூக்கியது இடது கால். படத்தைத் திருப்பினால் மதுரை வெள்ளியம்பலத்தில் ஆடுகிற மாதிரி கால் மாறிவிடும். அரபி எழுத்து இருக்கிற படத்தைத் திருப்பினால் ஓதத் தெரிந்தவர் கண்ணுக்கு அது கண்ணாடியில் தெரிகிற எழுத்து. திருப்பாமல் எழுத்தை மட்டும் ஒட்டினாலும், பழைய சாஃப்ட்வேரில் அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் உதிரி உதிரியாக, வரிசை தலைகீழாக நிற்கும். படிக்கத் தெரியாத நமக்கு அது அழகாகத்தான் தெரியும். பள்ளிவாசல் ஆலிம் ஒருவரிடம் காட்டாமல் நான் இப்போதெல்லாம் அச்சுக்கு அனுப்புவதில்லை.

சங்கத்துக்கு நான் சொல்வது, கும்பிடும் எதுவும் இல்லாத ஊர்ப் படம். அதிலும் மனித முகம் இல்லாமல் இருந்தால் நல்லது. தொழுகிற அறையில் உருவப்படம் மாட்டாத வீடுகள் உண்டு. அங்கேயும் இது ஏறும்.

ஊர்ப் படம் என்றவுடன் போன தடவை ஒருவர் கடலைச் சொன்னார். கட்டுமரம், பெரிய அலை, பின்னால் சூரியன். படம் அழகுதான். ஆனால் 2004 டிசம்பர் 26-இல் நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அந்த வீடுகளில் எழும்பி நிற்கிற அலையை 365 நாளும் மாட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. கடுவையாற்றில் கட்டி நிற்கும் படகுகளைப் போய்ப் படம் எடுத்தேன். நன்றாக வந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு படகிலும் ஒரு கொடி, ஒரு சின்னம், ஒரு பேர். அதில் எதை விடுவது, எதை அழிப்பது? ஆல்பத்தில் வழக்கமாக வரும் நடவுப் படமும் இருக்கிறது. பெண்கள் குனிந்து நடுவார்கள், வரப்பில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குடையோடு நிற்பார். கூலி கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-இல் 44 பேரை எரித்த மண் இது. அந்தக் குடைக்காரருக்குக் கீழே முதலாளிகள் சங்கத்தின் பேரைப் போட்டால் எப்படிப் படிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் எடுத்து வைத்திருப்பது தை மாதத்துச் சம்பா வயல். கதிர் முற்றித் தலை சாய்ந்திருக்கிறது, ஓரமாக வாய்க்கால், தூரத்தில் இரண்டு பனை. ஆள் இல்லை, கொடி இல்லை. காலண்டர் மாட்டுகிற நாளில் வெளியே பார்த்தால் வயலும் அப்படியே இருக்கும்.

நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. இந்த ஊரில் தனி நிறம் யாருக்கும் சொந்தமில்லை. காவி வேளாங்கண்ணிக்கும் நடக்கிறது, கறுப்பு சபரிமலைக்கும் போகிறது, பர்தாவாகவும் வருகிறது. இரண்டு மூன்று நிறம் பட்டையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் கொடியாகிவிடும். போன வருஷம் கடைப்பேர்கள் போட்ட அடிப்பட்டை கறுப்பு, அதன் கீழே சிவப்பு. எந்தக் கட்சி என்று நான் சொல்லவே வேண்டாம். தேர்தல் சமயத்தில் அந்த அட்டையை மாட்ட ஒரு கடைக்காரரே தயங்கினார். அட்டையைப் பத்தடி தள்ளி வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எழுத்து மங்கி நிறம் மட்டும் நிற்கும். அப்போது கொடி தெரிந்தால் மாற்ற வேண்டும். இந்தத் தடவை நெல்லின் மஞ்சள் மேல் கரும்பழுப்பு எழுத்து வைத்திருக்கிறேன்.

தலைவர் தன் படத்தையும் மூலையில் போடச் சொல்லியிருக்கிறார். போடுகிறேன் அண்ணே, ஆனால் சுற்றிப் பூ வளையம் மட்டும் கேட்காதீர்கள். போட்டோவைச் சுற்றிப் பூ வந்தால் தெருவில் பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது காரியம் என்றைக்கு என்றுதான்.

தேதித்தாளில் ராகுகாலம், நல்ல நேரத்தோடு ஹிஜ்ரி தேதியும் வரும் கட்டையே கேட்டிருக்கிறேன். ரம்ஜான், பக்ரீத் தாள்களில் "பிறை தெரிவதைப் பொறுத்து" என்ற வரி இருக்கிறதா என்று மாதிரியில் பார்த்துவிடலாம்.

ஆல்பம் வந்ததும் வயல் படத்தில் மூன்று மாதிரி அட்டை எடுத்துத் தருகிறேன். ஒன்று நாகூர் ரோட்டு மளிகைக் கடையில், ஒன்று பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடையில், ஒன்று வேளாங்கண்ணி ரோட்டு பாத்திரக் கடையில் நாலு நாள் தொங்கட்டும். யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டாம். "இது எப்போண்ணே குடுப்பீங்க" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று மட்டும் கல்லாவில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஆவணி பத்துக்குள் முடிவு சொன்னால் போதும், அதற்குள் ஆர்டர் கொடுத்தால் தீபாவளிக்கு முன்னால் சரக்கு வந்துவிடும். மூன்று கோபுர அட்டையில் இரண்டு கட்டு பிரிக்காமல் என் குடோனில் இருக்கிறது. அதையும் என்ன செய்வது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சாமி படம், நானாகக் குப்பையில் போட முடியாது.

இப்படிக்கு,
உங்கள் காலண்டர், பில் புக், நோட்டீஸ் எல்லாம் அச்சடித்துக் கொடுப்பவன்