ஆறு பேருக்கும் ஒரே வாய்

அன்பின் தம்பிக்கு,

நாடகப் பிரதி கிடைத்தது. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் புறப்பட்ட பாதை வாவி நடுவில் இயந்திரம் நின்று மிதக்கிறது. ஏறிய ஆறு பேரும் இறங்க வழியில்லாமல் ஒருவரோடொருவர் பேசியே ஆகவேண்டும். நல்ல ஏற்பாடு. (வெளியூரார் இதை வாசித்தால்: எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பாதை என்பது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) ஆனால் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்தேன், யார் பேசுகிறார் என்று பிடிபடவேயில்லை. வயல் சொந்தக்காரரான போடியார், அவருடைய வயலை மேற்பார்த்த முல்லைக்காரரின் மகன், காத்தான்குடிப் புடவை வியாபாரி, குவைத்திலிருந்து திரும்பிய பெண், ஓய்வுபெற்ற ஆசிரியை, குடும்பநல உத்தியோகத்தர் ஆகிய ஆறு பேருக்கும் ஒரே வாய். அது உங்களுடைய வாய்.

உங்களுக்கும் அது உறைத்திருக்கிறது போலும். அதனால்தான் வியாபாரிக்கு வரிக்கு வரி ‘அல்லாஹ்’ போட்டிருக்கிறீர்கள், போடியாருக்குப் ‘பிறகு’ என்று வரவேண்டிய இடமெல்லாம் ‘மறுகா’ போட்டிருக்கிறீர்கள். ‘மறுகா’ வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் கேட்கும், மேற்கே படுவான்கரையிலும் கேட்கும். தமிழரும் சொல்வார்கள், முஸ்லிம்களும் சொல்வார்கள். ஒரே வட்டாரத்து ஆட்களை அந்த வட்டாரத்துச் சொல்லை வைத்தே பிரித்துக் காட்ட முடியாது. அடிக்கடி வரும் அடையாளச் சொல்லுக்கு முதல் தடவை சபை சிரிக்கும். பிறகு அது காதிலேயே விழாது. வியாபாரியின் விஷயத்தில் இன்னொரு கேடும் உண்டு. அவர் மனிதராக இல்லாமல் ஒரு சமூகத்தின் பெயர்ப்பலகையாகிவிடுகிறார்.

கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு இந்தத் தலைவலி குறைவு. வடமோடிக் கூத்தில் ராசன் வரவு வேறு, மந்திரி வரவு வேறு. தருவும் தாளமும் ஆட்டமுமே வந்திருப்பது யார் என்று களரியைச் சுற்றி இருப்பவர்களுக்குச் சொல்லிவிடும். உங்கள் ஆறு பேருக்கும் மத்தளமும் இல்லை, கரப்புடுப்பும் இல்லை. எல்லாவற்றையும் பேச்சே சுமக்கவேண்டும்.

பிரதியோடு வாழ்க்கைக் குறிப்பும் அனுப்பியிருக்கிறீர்கள், ஆளுக்கு இரண்டு பக்கம். நட்சத்திரம், நிறம், பிடித்த கறி எல்லாம் இருக்கின்றன. உழைத்து எழுதியவைதான், ஆனால் ஒன்றாவது நாக்குக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு தகவலுக்கும் பின்னால் “ஆகையால் இவர் பேசும்போது…” என்று எழுதி, அந்த வாக்கியத்தை முடித்துப் பாருங்கள். முடிக்க முடியாத தகவலை அடித்துவிடுங்கள். போடியாருக்கு விளைமீன் சொதி பிடிக்கும். ஆகையால் அவர் பேசும்போது? ஒன்றும் இல்லை. நல்ல தகவல்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் கிடைக்கும்: இவர் யாருக்குக் கட்டளையிட்டார், யாரிடம் கேட்டு நின்றார், எதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

போடியாரையே எடுப்போம். நாற்பது வருடம் முல்லைக்காரர்களுக்கும் கூலியாட்களுக்கும் வேலை சொன்னவர். மகள்மாரின் சீதனத்தோடு வயலில் பெரும்பகுதி போய்விட்டது. அதை அவர் சொல்லமாட்டார். ஆகையால் அவர் பேசும்போது கேள்வியே கேட்பதில்லை. கேட்டால் தெரியாதவர் ஆகிவிடுவார். நடப்பதை ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்வதற்குக் காத்திருப்பார்.

முல்லைக்காரரின் மகன் இப்போது அரசாங்க எழுதுவினைஞர். தகப்பன் ‘போடியார்’ என்று அழைத்த மனிதரை இவர் என்னவென்று அழைப்பது? ‘போடியார்’ என்றால் தகப்பனின் இடத்தில் நிற்கவேண்டும். ‘அண்ணன்’ என்றால் துணிச்சல். ஆகையால் அவரோடு பேசும்போது முறைப்பெயரும் வராது, ‘நீங்கள்’ என்பதும் வராது. யாரையும் சுட்டாத வாக்கியங்களாகவே வரும்.

குவைத்துப் பெண் பல வருடம் தன் மொழியைத் தொலைபேசியில்தான் பேசினாள், அதுவும் வீட்டுக்காரி கூப்பிடுவதற்குள். ஆகையால் முடிவை முதலில் சொல்வாள், காரணத்தைப் பிறகு. நேரம் மிஞ்சினால்தான் சுகம் விசாரிப்பாள்.

இப்போது இயந்திரம் நிற்கும் கணம். உங்கள் பிரதியில் எல்லோரும் “எப்போது சரியாகும்?” என்றே கேட்கிறார்கள். தேவை ஒன்றுதான், வாய்தான் வேறு. (எழுத்துத் தமிழில் தருகிறேன். பேச்சு வழக்கை ஒத்திகையில் நடிகர்களே கொண்டுவந்துவிடுவார்கள். வழக்கில்லாமல் பிரிந்து கேட்கும் வரி, வழக்கோடு இன்னும் நன்றாகப் பிரியும்.)

“காற்று விழுந்துவிட்டது. பொழுதும் சாய்கிறது.”

“கயிற்றை அந்தப் பக்கம் கட்டிவிட்டுப் பார்த்தால் நல்லது போலத் தெரிகிறது.”

“ஆறு மணிக்குள் நான் மண்டூரில் நிற்கவேண்டும். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்கிறாராம்.”

“அவசரமில்லை தம்பி, நீங்கள் ஆறுதலாகப் பாருங்கள். பெற்றோலில் தண்ணீர் கலந்திருந்தாலும் இப்படி நிற்பதுண்டு, சொன்னேன்.”

பெயர் போடவில்லை, போடவும் வேண்டாம். கடைசி வரி வியாபாரியுடையது. ‘இல்லை’ என்று சொன்னால் வாடிக்கை போய்விடும் தொழிலில் வளர்ந்தவர். முதலில் விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு தன் கருத்தை ஓரமாக வைப்பார். அவர் காத்தான்குடிக்காரர் என்பதை ஒரு ‘வாப்பா’, சரியான இடத்தில் ஒரே ஒரு தடவை, சொல்லிவிடும்.

அடுத்து, ஒரு தாளில் கட்டம் போடுங்கள். ஆறு பேர் மற்ற ஐந்து பேரை அழைக்கும் விதம்: முப்பது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பதிவு, முன்னால் எப்படி அழைக்கிறார், பின்னால் எப்படிக் குறிப்பிடுகிறார் என்று. எழுதுவினைஞர் போடியாரை முன்னால் எதுவும் சொல்லி அழைக்கமாட்டார். வியாபாரியிடம் தனியாகப் பேசும்போது ‘அவர்’ என்பார். கோபம் முற்றினால் ‘அந்த மனிசன்’. அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே உங்கள் இரண்டாம் காட்சி கிடக்கிறது. நிரப்பத் தெரியாத கட்டம் வந்தால் அந்த இருவரின் உறவை நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை என்று பொருள்.

பழக்கம் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் அது கடைசிவரை மாறாமல் ஓடக்கூடாது. போடியார் முழு நாடகத்திலும் கேள்வி கேட்காதவராக இருந்தால்தான், இருட்டியபின் எழுதுவினைஞரைப் பார்த்து “உன் அப்பா என்னைப் பற்றி ஏதும் சொன்னாரா?” என்று கேட்கும்போது சபை நிமிரும். நடுவில் கவனக்குறைவாக அவருக்கு இரண்டு கேள்வி கொடுத்துவிட்டால் இந்த வரி செத்துவிடும். ஒத்திகைக்கு முன் அவருடைய வரிகளை மட்டும் தனியாகப் பிரித்து, கேள்விக்குறி தேடி ஒரு தடவை வாசியுங்கள்.

எல்லா வரியும் ஆளைக் காட்டவேண்டியதில்லை. ‘ஓம்’, ‘என்ன?’, ‘பிடியுங்கள்’ போன்றவற்றை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். பெயர் மறைத்துச் சோதிக்கும்போது அவற்றை ஒதுக்கிவிட்டு நீளமான வரிகளை மட்டும் கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். எத்தனை பிழை என்பதைவிட யாரை யாராக மாற்றிச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். நான் வாசித்தபோது ஆசிரியையும் குடும்பநல உத்தியோகத்தரும் மாறிக்கொண்டே இருந்தார்கள். அது பேச்சால் வந்த குழப்பமில்லை. இருவருக்கும் நாடகத்தில் ஒரே வேலை: ஆறுதல் சொல்வதும் புத்தி சொல்வதும். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அவர்கள் பிரியமாட்டார்கள். ஒருவர் பாதையில் ஏறாமல் துறையிலேயே நின்றுவிடட்டும்.

ஆசிரியையை நீக்குவீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால், படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் வருடம் முடியுமுன் மாற்றம் எடுக்காத ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று அவர் கேட்கும் அந்த நல்ல வரியை இழக்க உங்களுக்கு மனம் வராது. வேறு யாருக்காவது கொடுக்கப் பார்ப்பீர்கள். குடும்பநல உத்தியோகத்தருக்குக் கொடுக்காதீர்கள். அவர் கணக்குக் கேட்கமாட்டார், வீடு வீடாகப் போய்த் தானே எண்ணியவர். அவர் வாயில் அது கேள்வியாக வராது, எண்ணிக்கையாக வரும்.

அன்புடன்,
அண்ணன்