கண்மாய் அறிக்கைக்கு அத்தியாயம் எழுதுற எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் காலேஜ் சார், மேடங்களுக்கும் வணக்கம். மாடக்குளம், வண்டியூர், அங்கிட்டு மேலூர்ப் பக்கம்னு ஆளுக்கொரு அத்தியாயமா எழுதிக்கிட்டு இருக்கீங்க, அதையெல்லாம் ஒரே பைலா கோக்குற வேலை என் தலையில விழுந்திருக்கு. உங்க எழுத்துல எனக்கு ஒரு குறையும் இல்ல. கடைசியில வர்ற ரெஃபரன்ஸ் லிஸ்ட் இருக்கு பாருங்க, அதைப் பத்தித்தான் இந்த மடல். மெயில்ல தனித்தனியா சொன்னா "நான் இல்லப்பா, அவரு"ன்னு போயிருது, அதான் எல்லாரும் பாக்குற மாதிரி எழுதுறேன்.

முதல்ல ஒரே ஒரு சோர்ஸை எடுத்துக்குவோம். குடிதண்ணி தர அளவுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் போட்ட ஐஎஸ் 10500. நம்ம அறிக்கையில மூணு அத்தியாயத்துல அது வருது. சேர்த்த பைல்ல பாத்தா ஒரு இடத்துல 2012a, இன்னொரு இடத்துல 2012b. லிஸ்ட்ல ரெண்டு வரி, ரெண்டுலயும் அதே தலைப்பு. படிக்கிறவரு ரெண்டு ஆவணம் இருக்குன்னுதான நினைப்பாரு? இந்த a, b யாரும் டைப் பண்ணது இல்ல, நம்ம ரெஃபரன்ஸ் எல்லாம் சேத்து வைக்கிற ஸோட்டெரோ சாப்ட்வேர் தானா போட்டது. ஒருத்தர் தன்னோட சொந்த லைப்ரரில இருந்து சைட் பண்ணிருக்காரு, இன்னொருத்தர் தன்னோடதுல இருந்து. தலைப்பு ஒண்ணா இருந்தாலும் ஸோட்டெரோ அதைப் பாக்காது, எந்த லைப்ரரில எந்த என்ட்ரின்னுதான் பாக்கும், அதனால அதுக்கு ரெண்டும் வேற வேற சரக்கு. அதே அமைவனம் அதே வருஷம் நிஜமாவே வேற ஒரு ஸ்டாண்டர்டும் போட்டிருந்தா a, b வர்றது நியாயம்தான். ஆனா தலைப்பும் ஒண்ணா இருந்துச்சுன்னா அது டூப்ளிகேட், சந்தேகமே வேணாம்.

இதை கடைசில மெர்ஜ் பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க. ஒரே லைப்ரரிக்குள்ள ரெண்டு என்ட்ரி இருந்தா மெர்ஜ் ஆகும், வேர்ட் பைலும் அதைப் புரிஞ்சுக்கும். ரெண்டு லைப்ரரிக்கு நடுவுல அது நடக்காது. சொந்த லைப்ரரில இருக்குறதை நம்ம எல்லாருக்கும் பொதுவான குரூப் லைப்ரரிக்கு இழுத்துப் போட்டாலும் அது ஒரு நகல்தான், பைல்ல ஏற்கனவே இருக்குற சைட்டேஷன் பழைய இடத்தையேதான் காட்டிக்கிட்டு இருக்கும். அப்புறம் நான் ஒவ்வொரு சைட்டேஷனா கிளிக் பண்ணி பழசை எடுத்துட்டு புதுசை வைக்கணும். அதனால இப்பவே குரூப் லைப்ரரிக்குள்ள வந்துருங்க. சைட்டேஷன் போடுற பெட்டில தேடும்போது ரிசல்ட் ரெண்டு மூணு தலைப்புக்குக் கீழ வரும், `My Library`க்குக் கீழ இருக்குறதைத் தொடாதீங்க, நம்ம குரூப் பேருக்குக் கீழ இருக்குறதை எடுங்க. அங்க இல்லைன்னா குரூப்புல சேர்த்துட்டு அப்புறம் சைட் பண்ணுங்க. பிடிஎப் எல்லாம் அதுல ஏத்த வேணாம், இலவச இடம் 300 எம்பிதான், வெறும் விவரம் மட்டும் இருந்தா போதும், அதுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

மூணாவது அத்தியாயம் வேற கதை. அதுல ஐஎஸ் 10500 வருது, ஆனா 1991ல வந்த பதிப்பு. இது வெறும் பார்மேட் பிரச்சனை இல்லைங்க. 1991 அச்சுல நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம், வேற தண்ணி கிடைக்காத ஊர்ல 100 வரைக்கும் போகலாம்னு இருந்துச்சு. 2012ல அந்த 100 கிடையாது, 45தான், தளர்வே இல்ல. இப்ப ஒரு கிணத்துல 60 வந்திருக்குன்னு வச்சுக்குவோம், ஒரு அத்தியாயம் "அனுமதிச்ச அளவுக்குள்ள"ங்குது, பத்துப் பக்கம் தள்ளி இன்னொண்ணு "அளவைத் தாண்டிருச்சு"ங்குது. ரெண்டு பேரும் ஒழுங்கா சைட் பண்ணித்தான் இருக்காங்க. பழைய கட்டுரை ஒண்ணுல இருந்த டேபிளை அப்படியே எடுத்து, கீழ 2012ன்னு வருஷத்தை மட்டும் மாத்திப் போட்டா அது இன்னும் மோசம், லிஸ்ட் பாக்க லட்சணமா இருக்கும், நம்பர் மட்டும் பழசு. அதனால ஸ்டாண்டர்ட் எதை எடுத்தாலும் எந்த வருஷப் பதிப்பு, திருத்தம் ஏதும் வந்திருக்கான்னு மூல ஆவணத்தைத் திறந்து பாருங்க. பழைய ஆய்வு அப்ப இருந்த அளவை வச்சு என்ன சொல்லுச்சுன்னு எழுதணும்னா 1991ஐ தாராளமா சைட் பண்ணலாம், ஆனா வாக்கியத்துலயே "அப்போதைய 1991 அளவுப்படி"ன்னு வரணும்.

அடுத்து பேரு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நம்ம லிஸ்ட்ல `Board, C. G. W.`ன்னு உக்காந்திருக்கு. யாரோ சி.ஜி.டபிள்யூ. போர்டுன்னு ஒரு பெரியவர் மாதிரி! ஆத்தர் பெட்டி சாதாரணமா ரெண்டா இருக்கும், அதுல நிறுவனப் பேரைப் போட்டா கடைசி வார்த்தையை குடும்பப் பேராக்கி, மத்ததை இனிஷியலாக்கிரும். பெட்டிக்குப் பக்கத்துல ஒரு சின்ன பட்டன் இருக்கு, அதை அமுக்குனா ஒரே பெட்டியா ஆயிரும், நிறுவனம்னா அதுலதான் போடணும். ஆள் பேருலயும் நமக்கு இனிஷியல் தகராறு. ஆர். முருகேசன்னு ஒரு ஆத்தர்னு வைங்க, ஒருத்தர் R. போட்டு, இன்னொருத்தர் அப்பா பேரை முழுசா எழுதி, மூணாமத்தவர் அப்பா பேரையே குடும்பப் பேரு பெட்டில போட்டா, லிஸ்ட்ல அவரு ரெண்டு எழுத்துக்குக் கீழ பிரிஞ்சு நிப்பாரு. ஏபிஏ ஸ்டைல்ல சில இடத்துல மட்டும் பேருக்கு முன்னாடி இனிஷியல் திடீர்னு முளைச்சிருந்தா, ஸோட்டெரோ ஒரே ஆளை ரெண்டு ஆளா நினைச்சிருச்சான்னு முதல்ல பாருங்க. பொதுப்பணித் துறையா, நீர்வளத் துறையான்னு சிலர் கேட்டீங்க. 2021லதான் நீர்வளத் துறை தனியா பிரிஞ்சது, அதுக்கு முந்தின ஆவணத்துல அட்டையில என்ன பேரு இருக்கோ அதையே போடுங்க, இன்னைக்குப் பேரைப் போட்டு அதைப் புதுப்பிக்க வேணாம்.

இன்னும் ஒண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். சில அத்தியாயத்துல சைட்டேஷன் உயிரோடயே இல்ல. வாட்ஸ்அப்ல அனுப்பி, அங்க இருந்து பத்தி பத்தியா காப்பி பண்ணி வேற எதுலயோ ஒட்டி திருப்பி வேர்டுக்குக் கொண்டு வந்தா, உள்ள இருக்குற இணைப்பு போயிரும், வெறும் எழுத்து மட்டும் மிஞ்சும். பாக்க அதே மாதிரிதான் இருக்கும். ஆனா லிஸ்ட்ல அது வராது, வருஷத்தைத் திருத்துனாலும் மாறாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பைலை ஒரு நகல் எடுத்துட்டு, நகல்ல `Document Preferences` போய் ஸ்டைலை `IEEE`ன்னு மாத்துங்க. உயிரோட இருக்குறதெல்லாம் [1], [2]ன்னு நம்பரா மாறிரும். பேரும் வருஷமுமா அப்படியே நிக்குறது எல்லாம் செத்தது. அதே நம்பர் லிஸ்ட்ல ஒரே தலைப்பு ரெண்டு நம்பர்ல வந்தா டூப்ளிகேட்டும் மாட்டிக்கிரும். இதை ஒவ்வொருத்தரும் அவங்கவங்க அத்தியாயத்துக்குச் செஞ்சுட்டு அனுப்புனா என் வேலை பாதி குறையும். திருத்தம் சொல்றவங்க பைல்லயே கமெண்ட் போடுங்க, எழுத்தை எடுத்து வெளிய கொண்டு போகாதீங்க.

தமிழ் ஆவணங்களுக்கு மட்டும் நம்ம இன்னும் ஒரு முடிவுக்கு வரல. அரசாணை, ஊராட்சித் தீர்மானம், பழைய பாசன நோட்டு இதெல்லாம் தமிழ்ல இருக்கு, மத்தது இங்கிலீஷ்ல. ஒரே லிஸ்ட்டா விட்டா தமிழ் எழுத்துப் பேரெல்லாம் வேற இடத்துல போய் குவிஞ்சு கிடக்கும், இங்கிலீஷ் எழுத்துல மாத்துனா ஆளுக்கொரு ஸ்பெல்லிங்ல வந்து மறுபடி a, b கதைதான். தமிழுக்குத் தனி லிஸ்ட், தமிழ் எழுத்துலயே, அகர வரிசைல போடலாங்கறது என் யோசனை. அப்படிப் பண்ணா அந்த லிஸ்ட்டை ஒரே ஆள் கையில பாக்கணும், ஸோட்டெரோ ரெண்டு லிஸ்ட்டா பிரிச்சுத் தராது. அடுத்த கூட்டத்துல இதுக்கு ஒரு ஆளைச் சொல்லிருங்க, உசிலம்பட்டிப் பக்கத்து அத்தியாயத்துலதான் தமிழ் ஆவணம் நிறைய, அதனால அங்க இருந்து யாராவது வந்தா நல்லது.