கொழிஞ்சாம்பாறையிலிருந்து, வெயிலைப் பற்றி

கொழிஞ்சாம்பாறை
பங்குனி 22

அன்புள்ள கண்ணு,

எல்லோரும் நலம். உங்கம்மாவின் முழங்கால் பழையபடிதான். மூலத்தறையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டு எட்டு நாளாகிறது, நம் மடைக்கு இன்னும் வரவில்லை. மற்ற விஷயங்கள் உனக்குத் தெரிந்ததுதான்.

நேற்று எங்கள் வார்டு குரூப்பில் குடும்பங்களுக்கு என்று ஒரு செய்தி வந்தது. மலையாளத்தில் மூன்றே வரி. பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புங்கள், தலையை மூடி அனுப்புங்கள், வெளியில் விளையாடும் நேரத்தைக் குறையுங்கள். இதைச் சொல்ல ஒரு செய்தியா என்று டீக்கடையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உனக்கு அனுப்பலாம் என்று நினைத்து, மூன்று வரி போதாது என்று கடிதமாகவே எழுதுகிறேன். கவினுக்கும் பரீட்சை முடிகிற சமயம். எங்கே இருந்தாலும் உதவும்.

2024 சித்திரையில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியபோது அங்கன்வாடிகளையே மூடினார்கள், நினைவிருக்கும். இங்கே பள்ளிக்கூடங்களில் தண்ணீர் குடிக்கவென்றே தனி மணி அடிக்கிறார்கள். வெயில் காலத்தில் வெளிவேலைக்காரர்களுக்கு 12 மணி முதல் 3 மணி வரை கட்டாய ஓய்வு. மூட்டை சுமந்து பழகிய உடம்புக்கே அப்படி என்றால், உங்கள் பெங்களூர்க் காற்றில் வளர்ந்த பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நீயே பார்.

பாட்டிலைப் பற்றி முதலில். பாட்டில் கொடுத்தால் போதாது கண்ணு, அது எப்படித் திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது. தெரிகிற நேரத்தில் உடம்பில் ஏற்கனவே தண்ணீர் குறைந்திருக்கும். கேட்டால் "குடிச்சேன்" என்பான், பாட்டில் நிறைந்தே இருக்கும். நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், உங்கம்மா சிரிக்கிறாள். 600 மில்லி பாட்டிலில் சம தூரத்தில் மூன்று ரப்பர் பேண்ட் போட்டால் நான்கு பங்காகும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு நிறுத்தி, ஒரு ரப்பர் பேண்ட் வரைக்கும் குடிக்க வைக்க வேண்டும். ஒரு பங்கு 150 மில்லி, எட்டு வயதுப் பையன் வெயிலில் ஓடினால் அந்த அளவு தாராளமாக வேண்டும். பாட்டில் நிழலில் இருக்க வேண்டும். சைக்கிளில் தொங்கவிட்டால் அரைமணியில் சுடுதண்ணீர், எந்தப் பிள்ளையும் வாயில் வைக்காது.

தலைக்கு: மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த அந்தக் கறுப்பு நைலான் தொப்பி வேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நல்ல விலை கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். ஆனால் அது நெற்றியை மட்டும் மறைக்கிறது. காதும் பின்கழுத்தும் வெயிலில்தான் இருக்கின்றன. உள்ளே காற்றும் போகாது, வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சுற்றிலும் விளிம்பு வைத்த வெளிர்நிறப் பருத்தித் தொப்பி வாங்கு. கிடைக்காவிட்டால் என் வெள்ளைத் துண்டு இருக்கிறது. நனைத்துப் பிழிந்து தலையிலிருந்து கழுத்துவரை போட்டுவிட்டால் அது காய்கிறவரை குளுமை. உங்கள் தாத்தா கடலைக்காட்டில் அப்படித்தான் நின்றார், எழுபத்தெட்டு வயதுவரை.

நீ பள்ளிக்கூடத்துக்கு வேலந்தாவளம் சாலையில் குடையோடு போன காலம் ஞாபகம் வருகிறது. மற்றப் பெண்கள் கேலி செய்தும் நீ குடையை மடக்கவில்லை. பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தால்தான் படித்து இந்த அளவுக்கு வந்தாய், அதைச் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. அதே பிடிவாதத்தில்தான் ஒரு வருஷமாக என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதுமில்லை. சரி, அது போகட்டும்.

வெளியில் இருக்கிற நேரம்தான் முக்கியம். 11 முதல் 3 வரை வெளியே கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று உண்டு, நான் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். புது வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வேர்க்க ஆரம்பிக்கும், நிறைய வேர்க்கும், அந்த வேர்வையில் உப்பு குறைவாகப் போகும். பழகாத உடம்புக்கு இது எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்குப் பழக இன்னும் நாளாகும். அதனால் எங்கள் தெருப் பையன்கள் இரண்டு மணி நேரம் ஆடுகிறார்களே என்று வெளியூரிலிருந்து வந்த பிள்ளையையும் அவர்களோடு விடக்கூடாது. முதல் நாள் காலையில் 8 மணிக்குள் இருபது நிமிடம், அவ்வளவுதான். அடுத்த நாள் அதோடு பத்து நிமிடம். அப்படி ஒரு வாரம். மாலையில் 5 மணிக்கு மேல். மூன்று மணிக்கு வெயில் சாய்ந்தாலும் களத்துச் சிமெண்ட் தரை அதுவரை சுட்டுக்கொண்டே இருக்கும்.

பாட்டிலைப் பார், அது எப்படித் திரும்பி வருகிறது என்று பார். சொல்லிவிட்டேனோ? சொன்னாலும் தப்பில்லை.

இதற்கு மேல் வெயிலைப் பற்றி எழுதிக்கொண்டே போனால் நான் எழுத உட்கார்ந்தது வராது.

போன சித்திரையில் கவின் வாந்தி எடுத்து விழுந்தது பயணக் காய்ச்சலால் இல்லை. "பத்து நிமிஷம்தான் வெயில்ல நின்னான்" என்று நான் உன்னிடம் சொன்னது பொய். நீங்கள் கோயம்புத்தூரில் ரயில் இறங்கி வந்த மறுநாள், அவனை என்னிடம் விட்டுவிட்டு நீயும் மாப்பிள்ளையும் பொள்ளாச்சி போனீர்கள். பத்தரை மணிக்கு அவன் களத்தில் பேட்டோடு இறங்கினான். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் உன்னிடம் சொன்னேன். அங்கே உட்காரவில்லை. கடைக்குப் போனேன், தண்ணீர் முறை பற்றி வாய்ச்சண்டை, அப்புறம் சீட்டு. திரும்பி வந்தபோது மணி 12:40. பாட்டில் சைக்கிளில் தொங்கிக்கொண்டிருந்தது, மூடிகூடத் திறக்கவில்லை.

முகம் சிவந்து, சட்டை நனைந்து, தலை வலிக்கிறது அப்புச்சி என்று அழுதான். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. காய்ச்சல் என்று முடிவு செய்து, நீ பையில் வைத்திருந்த காய்ச்சல் மருந்தை ஒரு மூடி கொடுத்தேன். காற்று படக்கூடாது என்று ஃபேனை நிறுத்தினேன். போர்வையைப் போர்த்திவிட்டேன். கண்ணு, அதைவிடத் தப்பாக ஒருவன் செய்ய முடியாது. காய்ச்சலில் உடம்பே தன் சூட்டைக் கூட்டிவைக்கிறது, அந்த மருந்து அதைத்தான் இறக்கும். இது வெளியே போக வழியில்லாமல் உள்ளே தேங்கிய சூடு, அதற்கு மருந்து எதுவும் செய்யாது. போர்வை அந்தச் சூட்டைப் பூட்டிவைத்தது. நாற்பது நிமிடம் அப்படிக் கிடந்தான். அப்புறம்தான் வாந்தி.

உங்கம்மா கோயிலிலிருந்து வந்தவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போர்வையை எறிந்தாள், சட்டையைக் கழற்றினாள், ஈரத்துணியால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் திரும்பத் திரும்பத் துடைத்தாள், ஈரத்தின் மேல் ஃபேனைப் போட்டாள். ஈரமில்லாத உடம்பில் 40 டிகிரிக் காற்றை வீசினால் சூடுதான் ஏறும் என்று அப்புறம் டாக்டர் சொன்னார். நான் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டப் போனேன், அதையும் பிடுங்கினாள். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர்தான், குறைத்தால் உப்பு மிஞ்சி இன்னும் கெடும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று ஊட்டினாள். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான், காலையிலிருந்து முதல் தடவையாக, ஒன்றுக்குப் போனான். கட்டன்சாயா நிறத்தில். அதைப் பார்த்துவிட்டு நான் மாட்டுக்கொட்டகைக்குப் போய் நின்றேன்.

அவனுக்கு நினைவு தப்பவில்லை, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னான், அதனால் பிழைத்தோம் என்றார் டாக்டர். பேச்சு குழறினாலோ, நிற்க முடியாமல் தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108, வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. இதை மாப்பிள்ளையிடமும் சொல்.

நீங்கள் வருவதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்து நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதனால் பொய் சுலபமாக வந்தது. பெங்களூர் போனபிறகு அவன் உன்னிடம் சொல்லியிருப்பான், பிள்ளைகள் சொல்லத்தான் செய்வார்கள். நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ. லீவுக்கு வருகிறீர்களா என்றால் "பாக்கலாம்ப்பா" என்கிறாய். வெயிலுக்குப் பயந்தா, எனக்குப் பயந்தா என்று ராத்திரியில் கிடந்து யோசிக்கிறேன்.

அக்னி நட்சத்திரம் மே 4-ல் பிறக்கும் என்கிறார்கள். அதற்கு முன்னால் வந்தால் வரலாம். மழை விழுந்தபிறகு ஆனியில் வந்தாலும் சரிதான், பள்ளிக்கூடம் எப்போது திறக்கிறதோ பார்த்துக்கொள். வராவிட்டாலும் நான் கேட்கமாட்டேன். வந்தால் அவனை என்னிடம் தனியாக விட்டுப் போக வேண்டாம், நானே சொல்கிறேன்.

ஒன்று மட்டும். உங்கம்மாவுக்கு ஒரு போன் செய். சொல்லக்கூடாது என்று நான்தான் அவளிடம் சத்தியம் வாங்கினேன். நீ அவளிடமும் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறாய், அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நெடுநேரம் நிற்கிறாள். மத்தியானம் இரண்டு மணிக்குச் செய், அப்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

உன்
அப்பா