கோபேயில் ஒரு வாழ்த்துரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக நடந்தது என்று படித்ததும்தான் மனம் நிம்மதியானது. மகளின் திருமணத் தேதியைப் பார்த்ததும் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நானும் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு திருமணத்தில்தான் இருந்தேன். கோபேக்கு வந்த நாளிலிருந்து எனக்கு உடன்பிறந்தவன் போல இருக்கும் அந்த அலுவலகத் தோழனுக்குத் திருமணம். விருந்தைத் தொடங்கி வைக்கும் வாழ்த்தை என்னையே சொல்லச் சொன்னான். இங்கே வழக்கமாக மேலதிகாரியோ வயதில் மூத்தவரோ சொல்வது அது. கடைசியில் எல்லோரும் கோப்பையை உயர்த்தி, 'கன்பாய்' என்று ஒரே குரலில் சொன்ன பிறகுதான் சாப்பாடு. விருந்தினர்கள் கோப்பையும் கையுமாக நின்றுகொண்டிருப்பார்கள் என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. பேசுபவன் கையிலும் கோப்பை இருக்கும். அதனால் தாளைப் பார்த்துப் படிக்க வழியில்லை, மனப்பாடம்தான்.

எழுதுவது எளிது என்று நினைத்தேன். ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'நான் கஞ்சி சாப்பிட்டேன்' என்பதை அதே வரிசையில் 'வதாஷி வா ஒகாயு ஒ தபெமஷிதா' என்று சொல்லிவிடலாம். ஒரே மாலையில் எழுதி முடித்து, அலுவலகத்தில் ஒரு மூத்த அம்மையாரிடம் காட்டினேன். அவர் பென்சிலை எடுத்துப் பாதியை வட்டமிட்டார்.

திருமண மேடையில் சொல்லக் கூடாத சொற்கள் இங்கே ஒரு பட்டியலே உண்டு. 'இமிகொதொபா' என்பார்கள். வெட்டுதல், பிரிதல், முடிதல், திரும்பிப் போதல் எதுவும் வாயில் வரக் கூடாது. கேக்கை வெட்டுவதைக்கூட 'கத்தியை உள்ளே வைத்தல்' என்றுதான் அறிவிக்கிறார்கள். விருந்து முடிகிறது என்று சொல்லாமல் 'திறக்கிறது' என்கிறார்கள். இரட்டித்து வரும் சொற்களும் ஆகாது, இன்னொரு திருமணத்தை நினைவூட்டுமாம். 'இரோயிரோ' என்றால் 'பலவிதமான' என்று பொருள். நான் தினமும் பேசும் சொல். அதையும் எடுத்துவிட்டு 'நிறைய' என்று போடச் சொன்னார்.

உனக்கு நம் தமிழாசிரியர் நன்னூலில் தகுதி வழக்கு நடத்திய வகுப்பு நினைவிருக்கும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. விளக்கு அணைந்தது என்னாமல் குளிர்ந்தது என்பது மங்கலம் என்று படித்தோமே! விடைபெறும்போது 'போகிறேன்' என்றால் என் பாட்டி 'வருகிறேன் என்று சொல்' என்று திருத்துவாள். அம்மையார் வட்டமிட வட்டமிட எனக்குப் பாட்டிதான் எதிரே உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

சிக்கல் என்னவென்றால், நான் சொல்ல நினைத்த கதையிலேயே நோய் இருந்தது. முதல் குளிர்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். தோழன் ரயிலேறி வந்து அரிசிக் கஞ்சி காய்ச்சி, உப்பில் ஊறிய உமே பழம் ஒன்றை மேலே வைத்துக் கொடுத்தான். இரவு நிலைய வாசலில் பிரிந்தோம் என்று எழுதியிருந்தேன். நோயும் ஆகாது, பிரிவும் ஆகாது. கதையையே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு காய்ச்சலை எடுத்துவிட்டுக் குளிரை மட்டும் வைத்துக்கொண்டேன். நிலைய வாசலை அடியோடு நீக்கிவிட்டேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

"திருமண வாழ்த்துகள். நான் இந்தியாவிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வந்தேன். முதல் குளிர்காலம் மிகவும் குளிராக இருந்தது. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. இவன் வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். என் அம்மாவின் கஞ்சியைப் போல இருந்தது. அன்றிலிருந்து கோபே என் ஊர். இன்று முதல் இருவரும் ஒரே அடுப்பில் சமைப்பீர்கள். மிகவும் மகிழ்ச்சி. இருவரும் நீண்ட காலம் நலமாக வாழ, கன்பாய்!"

எல்லாம் தொடக்கப் பாடப்புத்தகத்து வாக்கியங்கள். மரியாதைச் சொற்களை அடுக்கி நீளமாக எழுதிய முதல் வரைவில் ஒவ்வொரு வினைமுடிவிலும் நாக்கு தடுக்கியது. தடுக்கினால் கேட்பவர்களுக்கும் பதற்றம். சிறிய வாக்கியத்தில் முற்றுப்புள்ளிதோறும் மூச்சு விட முடிந்தது. மணமக்கள் முகத்தைப் பார்க்கவும் முடிந்தது. அம்மையார் சொன்ன ஒரே பயிற்சி, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் மனதுக்குள் இரண்டு எண்ணு என்பதுதான்.

கஞ்சி என்றதும் மணமகனின் தாயார் கைக்குட்டையை எடுத்ததைப் பார்த்தேன். விருந்துக்குப் பிறகு என் மேசைக்கு வந்து இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கஞ்சி காய்ச்சிய அன்று மகன் தொலைபேசியில், "அம்மா, ஒரு பிடி அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர்?" என்று கேட்டானாம். யாருக்காகக் கேட்டான் என்று இத்தனை வருடம் அவருக்குத் தெரியாதாம்.

தை மாதம் வருகிறேன். உமே பழம் ஒரு ஜாடி கொண்டுவருகிறேன், அம்மாவுக்குக் கஞ்சியோடு கொடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்