குட்டி பாட்டில் விஷயமாக

அன்புள்ள மாலதி,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இப்போது எழுதுவதே, விமானப் பயணத்துக்குக் கிரீமையும் சீரத்தையும் ஊற்றிக்கொள்ள வரிசையாக அடுக்கி நீ அனுப்பிய குட்டி பாட்டில் படத்தைப் பார்த்துத்தான். ரமணியின் கல்யாணத்துக்கு ஊறுகாய் கட்டியவள் நீ, உன்னை நம்ப முடியாது.

முதலில், வைட்டமின் சி சீரத்தைத் தொடாதே. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பையில் பெரும்பாலும் ஒரு பாட்டிலுக்கு 100 மில்லிதான் கணக்கு. உன் சீரம் பாட்டிலே 30 மில்லி. அதை எதற்கு இன்னொன்றில் ஊற்றுகிறாய்? ஊற்றும்போது காற்று கலக்கும். கண்ணாடி மாதிரி தெரியும் பாட்டில் என்றால் வெளிச்சமும் படும். வெளிர்மஞ்சளாக இருப்பது ஆரஞ்சு, அப்புறம் பழுப்பு என்று மாறினால் மருந்து போய்விட்டது என்று அர்த்தம். ரெட்டினாலும் அப்படித்தான், வந்த ட்யூபிலேயே போகட்டும்.

மாற்ற வேண்டியது அந்தப் பெரிய மாய்ஸ்சரைசர் ஒன்றுதான். அதில் எனக்குப் பயம், கழுவிய பாட்டிலில் நிற்கும் தண்ணீர். ஒரு சொட்டு என்ன செய்யும் என்பாய். கெட்டியான கிரீமில் அந்தச் சொட்டு கலக்காது, மூடி மரையிலோ பாட்டில் தோளிலோ ஒதுங்கி நிற்கும். கிரீமைக் காக்கும் ஃபீனாக்சி எத்தனாலே 1 சதவீதத்துக்குள்தான் இருக்கும், அந்த ஓரத்துத் தண்ணீரில் அதன் பங்கு இன்னும் குறைவு. கிருமி அங்கேதான் குடியேறும். நாற்றம் வந்தால், நீர்த்துப் போனால் கண்டுபிடிக்கலாம். சில சமயம் எதுவுமே தெரியாது.

அதனால் வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை உள்ளே சுழற்றிக் கொட்டிவிட்டு, மூடியைத் தனியே கழற்றிக் கவிழ்த்து வை. ஓர் இரவு முழுக்கக் காயவேண்டும். விரலால் அள்ளாதே, துடைத்த ஸ்பூனால் எடு. கெட்டியாக இருக்கிறதென்று தண்ணீர் விட்டு இளக்கும் உன் பழைய வித்தை வேண்டவே வேண்டாம். திரும்பி வந்ததும் மிச்சத்தைப் பெரிய பாட்டிலில் கொட்டாதே, எறிந்துவிடு. கருமித்தனம் பிறகு.

விமானம் மேலே போனதும் கேபின் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குக்கு வந்துவிடும். பாட்டிலுக்குள் 10 மில்லி காற்று இருந்தால் அது 13 மில்லி இடம் கேட்கும், கிரீமைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். லேசாகப் பிழிந்து காற்றை வெளியேற்றி, பிழிந்தபடியே மூடு.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். அம்மாவுக்குக் கீமோ இப்போதுதான் முடிந்திருக்கிறது. உனக்கும் எனக்கும் ஒன்றும் செய்யாத சூடோமோனாஸ் என்ற கிருமி அவருக்கு ஆபத்தாகலாம். அவருக்கு இந்தக் குட்டி பாட்டிலில் இருந்து எடுத்துப் பூசாதே, பிரிக்காத சின்ன ட்யூபாகத் தனியே வாங்கு. எது சரி என்று அவருடைய டாக்டரிடமும் கேட்டுவிடு.

பாஸ்கரின் ஷேவிங் ஃபோம் கேனை வேறெதிலும் ஊற்ற முடியாது என்று அவரிடம் சொல், முயற்சி செய்யக்கூடிய ஆள்தான். பாட்டில்களை இன்றே கழுவிப் போடு, கிளம்பும் அன்று கழுவினால் காயாது. சுகந்தி விஷயம் அடுத்த கடிதத்தில், அது பெரிய கதை.

அன்புடன்,
வசந்தா